கேட்பவர் யார் என்பதும் ஒரு கேள்வி: மலையகத் தோட்டச் சபைகளில் தேவை ஆய்வும் ஆண்டுப் பிரசங்கத் திட்டமும்

பிரசங்கம் கேட்பவரின் மெய்யான சிக்கல் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும் என்று 1928இல் எழுதிய கட்டுரையொன்றில் வாதிட்டார் அமெரிக்கப் போதகர் ஹாரி எமர்சன் ஃபாஸ்டிக். ஆண்டுக்குரிய பிரசங்கப் பொருள்களை வகுக்குமுன் சபையாரிடம் வினாத்தாள் கொடுத்துத் தேவைகளைக் கேட்டறியும் இன்றைய வழக்கம் இக்கருத்தோடு உறவுடையது. ஆனால் ஃபாஸ்டிக்கின் நியூயோர்க் சபையார் தம் மனக்குறையைப் போதகரிடம் தாமே சென்று சொல்லக்கூடியவர்கள். ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் அந்த எளிமை இல்லை. இங்கே கேட்பவர் யார், எங்கே, எந்த நாளில் கேட்கிறார் என்பதே விடையைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. தோட்டத் தமிழரிடையே ஊழியம் செய்வதற்கென 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனுக்குத் தோட்டத் துரைமாரின் ஆதரவும் பணமும் இருந்தன. உபதேசியார் லயத்துக்குள் வருவதற்குத் துரையின் அனுமதி வேண்டியிருந்தது. ஆகவே தொழிலாளியின் கண்ணில் அவர் நிருவாகத்துக்கு மிகவும் தொலைவில் உள்ளவர் அல்லர். இன்று போதகர் தோட்டத்துப் பிள்ளையாகவே இருந்தாலும், பெரியவர் கேட்டால் அவருக்குப் பிடித்த விடையைச் சொல்லும் பழக்கம் எளிதில் மறைவதில்லை.

ஞாயிறு ஆராதனையில் வழங்கப்படும் வினாத்தாள் மூன்று இடங்களில் பிழைக்கிறது. முதலாவது, அது வந்திருப்பவர்களை மட்டுமே கேட்கிறது. கொழுந்து மிகுந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போகும் பெண்களும், கொழும்பில் வேலை பார்க்கும் இளைஞர்களும் அதில் இடம்பெறுவதில்லை. இரண்டாவது, பெயர் எழுதாவிட்டாலும் சிறு சபையில் கையெழுத்து ஆளைக் காட்டிக்கொடுக்கும். எழுதத் தெரியாதவர்களுக்காகப் பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதும்போது, குடிப்பழக்கத்தையோ அடகையோ யாரும் சொல்லப்போவதில்லை. மூன்றாவது, ‘எந்தப் பொருளில் செய்தி வேண்டும்?’ என்ற கேள்வி தேவையைக் கேட்கவில்லை. பிரசங்கத் தலைப்பைக் கேட்கிறது. ‘ஜெபம்’, ‘விசுவாசம்’, ‘சமாதானம்’ என்ற விடைகளே பெரும்பாலான தாள்களில் திரும்பத் திரும்ப வந்தால், அதைச் சபையின் ஒருமனமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கேள்வி வாழ்க்கையைத் தொடவில்லை என்பதற்கு அது அடையாளம்.

எனவே நடந்ததைக் கேட்பதே மேல். ‘கடந்த மூன்று மாதத்தில் வீட்டில் தூக்கத்தைக் கெடுத்தது எது?’, ‘அப்போது யாரிடம் போனீர்கள்?’ என்ற இரண்டு கேள்விகள் போதும். மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு எனத் தோட்டப் பிரிவுவாரியாகவும், பெண்களை ஆண்களிடமிருந்து பிரித்தும் சிறு குழுக்களாகக் கேட்க வேண்டும். கேட்பவர் போதகராக இருக்கக் கூடாது. பெண்கள் குழுவில் அவர்களுள் ஒருவரே கேட்கலாம். முதலில் பொதுவாகப் பேசி, எழுந்த சிக்கல்களை ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு படமாக ஒட்டிவிட்டு, மறைப்புக்குப் பின்னால் ஆளுக்கு மூன்று பயற்றங்கொட்டைகளைப் போடச் சொன்னால் எழுத்தும் தேவையில்லை, முகமும் தெரியாது. குழுவாரியான எண்ணிக்கைகளைக் கூட்டிவிடாமல் தனித்தனியே வைக்க வேண்டும். கூட்டினால், எண்ணிக்கையில் சிறிய குழுவின் கவலை பெரிய குழுவுக்குள் கரைந்துபோகும்.

ஒரு சபையை எண்ணிக்கொள்வோம். பெண்கள் குழுவின் கொட்டைகளில் பாதிக்கு மேல் அடகு நகை, நுண்கடன் டப்பாவில் விழுந்திருக்கின்றன. ஆண்கள் குழுவில் அது மிகக் குறைவு. இந்த இடைவெளியே முக்கியமான கண்டுபிடிப்பு: கடன் இருக்கிறது, அதைச் சுமப்பவர் ஒருவர், பேசாமலிருப்பவர் இன்னொருவர். இதை ஆண்டுத் திட்டத்தில் எங்கே வைப்பது? மூன்றாண்டுச் சுழற்சியில் அமைந்த வாசக அட்டவணையைப் பின்பற்றும் சபையில் 2026 முதலாம் ஆண்டு. அதன்படி செப்டம்பர் 13ஆம் திகதி மத்தேயு 18இன் கடன்பட்ட ஊழியன் உவமை வருகிறது. அந்த ஆண்டுத் தீபாவளி நவம்பர் 8இல். தோட்டங்களில் பண்டிகை முற்பணம் வாங்கி, பின்னர் மாதச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் பேச்சு எழுவதற்குச் சற்று முன்னரே அந்த ஞாயிறு அமைகிறது. அதையடுத்த ஒரு வாரத்தில் நெகேமியா 5ஐ வைக்கலாம்: நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்த மக்களின் கூக்குரலும், வட்டி வாங்கியோரை நெகேமியா கண்டிப்பதும் அங்கே உண்டு. அட்டவணை உடைக்கப்படவில்லை, எந்த வாரத்தில் அழுத்தம் விழ வேண்டும் என்பதை ஆய்வு காட்டியது.

சபையார் கேட்பதையே பிரசங்கித்தால் வேதத்தின் இடத்தில் விருப்பம் வந்து அமரும் என்ற எதிர்ப்பு வலுவானது. அதற்கான விடை எல்லை வகுப்பதில் இருக்கிறது: ஆய்வு கேள்விகளைத் தரும், பதில்களைத் தராது. யாரும் கொட்டை போடாத மனந்திரும்புதலுக்கும் ஆண்டில் இடம் உண்டு. 2021 மார்ச்சில் 1000 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்ததைத் தொடர்ந்து பறிக்க வேண்டிய கிலோவைப் பற்றிய சச்சரவுகள் எழுந்தன. அத்தகைய மாற்றத்தை முந்தைய ஆண்டின் ஆய்வு சொல்லியிருக்காது. ஆகவே காலாண்டுக்கு இரண்டு ஞாயிறுகளையாவது வெறுமையாக விட்டு, அவற்றுக்கு முன் அதே குழுக்களிடம் மீண்டும் கேட்க வேண்டும். இரண்டாம் முறை கேட்கும்போது விடைகள் மாறியிருந்தால் திட்டமும் மாற வேண்டும். மாற முடியாத திட்டத்துக்காகக் கேட்கப்படும் கேள்விக்கு, மூன்றாம் முறை யாரும் உண்மை சொல்லமாட்டார்கள்.