காற்று மாசுச் செறிவு அலகு மாற்றம் (பிபிஎம் - மைக்ரோகிராம்/மீ³)

காற்று மாசுச் செறிவு அலகு மாற்றம் என்பது, காற்றில் கலந்துள்ள ஒரு மாசு வளிமத்தின் அளவை மில்லியனில் பங்கு (பிபிஎம்) என்னும் அலகிலிருந்து ஒரு கன மீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்னும் அலகிற்கு மாற்றும் கணக்கீடு ஆகும். ஓசோன், நைட்ரசன் டைஆக்சைடு, கந்தக டைஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு போன்ற வளிமங்களுக்கு இது பயன்படுகிறது. சில நாடுகளின் தரநிலைகள் முதல் அலகிலும் வேறு சிலவற்றின் தரநிலைகள் இரண்டாம் அலகிலும் அமைந்திருப்பதால், இம்மாற்றத்தைச் செய்யாமல் அவற்றை ஒப்பிட இயலாது. கணக்கீடு எளியது. எனினும் எந்த வெப்பநிலையையும் அழுத்தத்தையும் கொண்டு கணக்கிடப்பட்டது என்பதைக் குறிப்பிடாவிட்டால் விடை முழுமையடையாது.

## இரு அலகுகள்

பிபிஎம் என்பது ஒரு விகிதம். காற்றில் உள்ள பத்து இலட்சம் மூலக்கூறுகளில் ஒன்று ஓசோன் எனில், ஓசோனின் செறிவு 1 பிபிஎம் ஆகும். நல்லியல்பு வளிமங்களில் மூலக்கூறுகளின் விகிதமும் கன அளவின் விகிதமும் ஒன்றே என்பதால் இதனைக் கன அளவுப் பங்கு என்றும் கூறலாம். இதில் ஆயிரத்தில் ஒரு பகுதி பிபிபி எனப்படும்; அதாவது 1 பிபிஎம் = 1000 பிபிபி.

மைக்ரோகிராம்/மீ³ என்பது ஒரு குறிப்பிட்ட கன அளவினுள் அடங்கியுள்ள நிறை. ஒரு காற்றுப் பையைச் சூடாக்கினால் காற்று விரிவடையும். அதிலுள்ள ஓசோனும் அதே அளவில் விரிவடையும். எனவே விகிதம் மாறுவதில்லை. ஆனால் முன்பு ஒரு கன மீட்டரில் இருந்த மூலக்கூறுகள் இப்போது அதைவிடப் பெரிய இடத்தில் பரவியிருப்பதால், ஒரு கன மீட்டரில் உள்ள ஓசோனின் நிறை குறைந்துவிடுகிறது. மாற்றக் கணக்கில் வெப்பநிலையும் அழுத்தமும் இடம்பெறுவதற்கு இதுவே காரணம்.

## வாய்பாடு

ஒரு மோல் வளிமம் 0 °செ வெப்பநிலையிலும் 101.325 கிலோபாசுகல் அழுத்தத்திலும் 22.414 லிட்டர் இடத்தை அடைக்கும். இது மோலார் கன அளவு எனப்படும். பிற வெப்பநிலைகளிலும் அழுத்தங்களிலும் அதன் அளவை நல்லியல்பு வளிம விதியைக் கொண்டு பெறலாம்.

```
V = 22.414 × (T / 273.15) × (101.325 / P)
C = ppm × 1000 × M / V
```

இங்கு

* V - மோலார் கன அளவு (லிட்டர்)
* T - வெப்பநிலை (கெல்வின்)
* P - அழுத்தம் (கிலோபாசுகல்)
* M - மாசு வளிமத்தின் மூலக்கூறு நிறை (கிராம்/மோல்)
* C - செறிவு (மைக்ரோகிராம்/மீ³)

101.325 கிலோபாசுகல் அழுத்தத்தில் V இன் மதிப்பு 20 °செ இல் 24.06 லிட்டர், 25 °செ இல் 24.47 லிட்டர் ஆகும். சில கையேடுகள் 25 °செ க்கு 24.45 எனத் தருகின்றன. இவ்வேறுபாடு நூற்றில் 0.1 பங்குக்கும் குறைவானது.

வாய்பாட்டில் உள்ள 1000 எவ்வாறு வந்தது என்பதை அறிந்தால் அதனை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒரு கன மீட்டர் என்பது 1000 லிட்டர். அதனை V ஆல் வகுத்தால் அதிலுள்ள காற்றின் மோல் எண்ணிக்கை கிடைக்கும். 25 °செ இல் இது 40.87 மோல். 1 பிபிஎம் என்பது இதில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அப்பங்கை M ஆல் பெருக்கினால் மாசின் நிறை கிராமில் கிடைக்கும். ஒரு கிராமில் பத்து இலட்சம் மைக்ரோகிராம் இருப்பதால் இரு பத்து இலட்சங்களும் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. 1000 மட்டும் எஞ்சுகிறது. செறிவு பிபிபி அலகில் தரப்பட்டிருந்தால் 1000 ஆல் பெருக்க வேண்டியதில்லை.

## எடுத்துக்காட்டு: ஓசோன் தரநிலை

ஐக்கிய அமெரிக்கா 2015 ஆம் ஆண்டில் எட்டு மணி நேரச் சராசரி ஓசோனுக்கு 0.070 பிபிஎம் என்னும் தரநிலையை வகுத்தது. உலக சுகாதார அமைப்பின் 2021 ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் இந்தியாவில் 2009 இல் வெளியிடப்பட்ட தரநிலையும் எட்டு மணி நேரத்திற்கு 100 மைக்ரோகிராம்/மீ³ எனக் கூறுகின்றன. இவற்றுள் எது கடுமையானது என்பது எண்களைப் பார்த்த அளவில் விளங்காது.

ஓசோனின் மூலக்கூறு நிறை 48.00. வெப்பநிலை 25 °செ எனக் கொண்டால்,

```
C = 0.070 × 1000 × 48.00 / 24.47 = 137 µg/m³
```

அதாவது 100 மைக்ரோகிராம்/மீ³ என்பதே குறைந்த அளவு. எனவே எண்ணளவில் அதுவே கடுமையானது. மறுதலையாகக் கணக்கிட்டால் 100 மைக்ரோகிராம்/மீ³ என்பது 0.051 பிபிஎம் ஆகும்.

எனினும் இவ்வொப்பீட்டிற்கு ஓர் எல்லை உண்டு. அமெரிக்கத் தரநிலை, ஆண்டின் நான்காவது மிக உயர்ந்த நாளின் மதிப்பை எடுத்து, மூன்று ஆண்டுகளுக்குச் சராசரி கண்டு ஒப்பிடப்படுகிறது. பிற தரநிலைகளில், ஓர் ஆண்டில் எத்தனை நாட்கள் அளவு மீறலாம் என்னும் விதி வேறாக இருக்கும். அலகை மாற்றுவதால் இவ்வேறுபாடு நீங்குவதில்லை.

## மேற்கோள் வெப்பநிலை

மேற்கண்ட கணக்கில் 25 °செ க்குப் பதிலாக 20 °செ எனக் கொண்டால் அதே 0.070 பிபிஎம் 140 மைக்ரோகிராம்/மீ³ ஆகிறது. 0 °செ எனக் கொண்டால் 150 ஆகிறது. காற்றின் தூய்மையில் எவ்வித மாற்றமும் இல்லாமலேயே எண் மாறுகிறது. இக்குழப்பத்தைத் தவிர்க்க, தரநிலைகள் ஒரு மேற்கோள் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் வரையறுக்கின்றன. ஐக்கிய அமெரிக்காவின் விதிகள் வளிம மாசுகளுக்கு 25 °செ, 760 மிமீ பாதரச அழுத்தம் (101.325 கிலோபாசுகல்) என்பவற்றைக் கொள்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008 ஆம் ஆண்டு நெறியாணை 293 கெல்வின் (20 °செ), 101.3 கிலோபாசுகல் என்பவற்றைக் கொள்கிறது.

கீழுள்ள அட்டவணை 101.325 கிலோபாசுகல் அழுத்தத்தில் 1 பிபிபி எத்தனை மைக்ரோகிராம்/மீ³ என்பதைத் தருகிறது.

| வளிமம் | மூலக்கூறு நிறை | 0 °செ | 20 °செ | 25 °செ |
|---|---|---|---|---|
| ஓசோன் | 48.00 | 2.14 | 2.00 | 1.96 |
| நைட்ரசன் டைஆக்சைடு | 46.01 | 2.05 | 1.91 | 1.88 |
| நைட்ரிக் ஆக்சைடு | 30.01 | 1.34 | 1.25 | 1.23 |
| கந்தக டைஆக்சைடு | 64.06 | 2.86 | 2.66 | 2.62 |
| கார்பன் மோனாக்சைடு | 28.01 | 1.25 | 1.16 | 1.14 |

## உயரமான இடங்கள்

மேற்கோள் நிலையில் கூறப்படும் நிறையும் அவ்விடத்துக் காற்றில் உண்மையாக உள்ள நிறையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மெக்சிக்கோ நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு காற்றழுத்தம் ஏறத்தாழ 78 கிலோபாசுகல். அங்கு 20 °செ வெப்பநிலையில் ஓசோன் 0.100 பிபிஎம் இருப்பதாகக் கொள்வோம். அப்போது V = 31.25 லிட்டர். ஆகவே ஒரு கன மீட்டரில் உண்மையாக உள்ள ஓசோன் 154 மைக்ரோகிராம். ஆனால் 20 °செ, 101.325 கிலோபாசுகல் என்னும் மேற்கோள் நிலையில் கணக்கிட்டால் விடை 200 மைக்ரோகிராம்/மீ³ என வரும்.

இரண்டும் சரியான விடைகளே. ஆனால் அவை வெவ்வேறு வினாக்களுக்கு உரியவை. தரநிலையுடன் ஒப்பிட வேண்டுமெனில் அத்தரநிலை கூறும் மேற்கோள் நிலையையே பயன்படுத்த வேண்டும். அன்றைய வெப்பநிலையையும் அவ்விடத்து அழுத்தத்தையும் வாய்பாட்டில் இட்டு, கிடைத்த விடையைத் தரநிலையுடன் ஒப்பிடுவது பிழையாகும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் இப்பிழை மாசின் அளவை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைத்துக் காட்டிவிடும்.

## அறிக்கையில் பிழையைக் கண்டறிதல்

ஓசோன் அளவி, புற ஊதா ஒளியை ஓசோன் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதைக் கொண்டு தன் குழாயினுள் உள்ள ஓசோன் மூலக்கூறுகளைக் கணக்கிடுகிறது. குழாயின் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் அளந்து அதனைப் பிபிபி ஆக மாற்றுகிறது. அதன் திரையில் `µg/m³` எனத் தோன்றும் எண், இதன் பின் ஒரு மேற்கோள் வெப்பநிலையைக் கொண்டு செய்யப்பட்ட மற்றொரு கணக்கின் விடையாகும். அந்த வெப்பநிலை தவறாக அமைக்கப்பட்டிருந்தால் அளவி பழுதின்றி இயங்கினாலும் வெளியிடப்படும் எண் தவறாக இருக்கும்.

ஓர் அறிக்கையில் இரு அலகுகளும் தரப்பட்டிருந்தால் இதனை எளிதில் சோதிக்கலாம். ஓசோன் 45 பிபிபி என்றும் 96 மைக்ரோகிராம்/மீ³ என்றும் ஓர் அறிக்கை கூறுவதாகக் கொள்வோம். 96 ஐ 45 ஆல் வகுத்தால் 2.13 கிடைக்கிறது. அட்டவணைப்படி இது 0 °செ க்கு உரிய மதிப்பிற்கே நெருக்கமானது. 20 °செ கொண்டு கணக்கிட்டிருந்தால் 90 என்றும் 25 °செ கொண்டு கணக்கிட்டிருந்தால் 88 என்றும் வந்திருக்கும்.

இச்சோதனைக்குப் பெரிய எண்களையே தெரிவு செய்ய வேண்டும். 10 பிபிபி ஓசோன் 25 °செ இல் 19.6, 20 °செ இல் 20.0 ஆகும், முழு எண்ணாக்கியபின் இரண்டும் 20 என்றே தோன்றும்.

## நைட்ரசன் ஆக்சைடுகள்

நைட்ரசன் ஆக்சைடுகளைக் கூட்டும்போது தனிக் கவனம் தேவை. இச்சொல் நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரசன் டைஆக்சைடு ஆகிய இரண்டின் கூட்டைக் குறிக்கிறது. ஐரோப்பிய நெறியாணையின்படி முதலில் இரண்டையும் பிபிபி அலகில் கூட்டி, பின்னர் முழுத் தொகையையும் நைட்ரசன் டைஆக்சைடாகவே கருதி நிறைக்கு மாற்ற வேண்டும்.

நைட்ரிக் ஆக்சைடு 30 பிபிபி, நைட்ரசன் டைஆக்சைடு 20 பிபிபி எனில், 20 °செ இல் சரியான விடை 50 × 1.91, அதாவது ஏறத்தாழ 96 மைக்ரோகிராம்/மீ³. இரண்டையும் தனித்தனியே அவற்றின் சொந்த மூலக்கூறு நிறையால் மாற்றிக் கூட்டினால் 76 மட்டுமே கிடைக்கும். பெட்ரோல், டீசல் ஊர்திகள் மிகுந்த சாலையோரங்களில் நைட்ரிக் ஆக்சைடின் பங்கு அதிகம் என்பதால் அங்கு இப்பிழையும் பெரிதாகும்.

## பொருந்தாத இடங்கள்

பிஎம் 10, பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள்களுக்கு இம்மாற்றம் பொருந்தாது. அவை பல பொருட்களின் கலவை என்பதால் அவற்றுக்கு ஒரே மூலக்கூறு நிறை இல்லை. எனவே அவை நிறை அலகிலேயே கூறப்படுகின்றன. நீரில் கரைந்த பொருட்களுக்குக் கூறப்படும் பிபிஎம் பெரும்பாலும் நிறை விகிதத்தைக் குறிக்கும். அதற்கும் இவ்வாய்பாட்டைப் பயன்படுத்தக் கூடாது.

## இவற்றையும் பார்க்கவும்

* நல்லியல்பு வளிம விதி
* மோல்
* காற்று மாசடைதல்
* ஓசோன்