அக்குள் நாற்றத்திற்குப் படிகாரமும் சமையல் சோடாவும்: செயல்படும் விதமும் தோல் எரிச்சலும்

அக்குளில் சுரக்கும் வியர்வைக்குத் தானாக நாற்றம் கிடையாது. அக்குளிலும் இடுப்பின் கீழ்ப்பகுதியிலும் உள்ள ஒருவகைச் சுரப்பிகள் பருவமடையும் வயதில் செயல்படத் தொடங்குகின்றன. அவை வெளியிடும் கொழுப்பும் புரதமும் கலந்த நீர்மத்தைத் தோலில் இயல்பாக வாழும் நுண்ணுயிரிகள் சிதைக்கின்றன. அப்போது ஆவியாகக்கூடிய அமிலங்களும் கந்தகச் சேர்மங்களும் உண்டாகின்றன. புளித்த வாடை அமிலங்களாலும், வெங்காயம் போன்ற வாடை கந்தகச் சேர்மங்களாலும் வருகிறது. படிகாரம், சமையல் சோடா ஆகிய இரண்டும் இந்த நாற்றத்தைக் குறைக்கப் பயன்படுத்தப்படுகின்றன. ஆனால் அவை ஒன்றுக்கொன்று நேர் எதிரான வழிகளில் செயல்படுகின்றன. எரிச்சல் ஏன் வருகிறது என்பதற்கான விளக்கமும் இந்த வேறுபாட்டில்தான் உள்ளது.

படிகாரம் எவ்வாறு செயல்படுகிறது?

முடிதிருத்தும் நிலையங்களில் சவரத்திற்குப் பின் முகத்தில் தடவப்படும் கல்லும் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கப்படும் கல்லும் படிகாரமே. இது பொட்டாசியமும் அலுமினியமும் கலந்த சல்பேட் உப்பு. நீரில் கரைந்ததும் அமிலத்தன்மை அடைந்து, தோலின் மேற்பரப்பைச் சற்று இறுக்குகிறது. நுண்ணுயிரிகளின் பெருக்கத்தையும் தடுக்கிறது. அதாவது, நாற்றம் உருவாவதற்கு முன்பே அதன் காரணத்தைக் குறைக்கிறது. வியர்வையைப் பெரிதாக நிறுத்துவதில்லை. அக்குள் ஈரமாகவே இருக்கலாம்.

“அலுமினியம் இல்லாதது” என்று கூறிப் படிகாரக் கல் விற்கப்படுவது உண்டு. இது சரியல்ல. அலுமினியம் படிகாரத்தின் ஒரு கூறாகும். அக்குளில் பூசும் அலுமினியத்தால் மார்பகப் புற்றுநோய் வருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. எனினும், நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களின் உடல் அலுமினியத்தை எளிதில் வெளியேற்றாது. அவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே இதைப் பயன்படுத்த வேண்டும்.

அக்குளைக் கழுவித் துடைத்த பின், கல்லை நீரில் நனைத்து மூன்று நான்கு முறை மென்மையாகத் தடவி, உலர விட்டு ஆடை அணியுங்கள். உலர்ந்த கல்லைத் தேய்க்கக் கூடாது. புதிதாக உடைந்த கல்லின் முனைகள் கூர்மையாக இருப்பதால், அவற்றை நீரில் உரசி மழுக்கிய பின்னரே பயன்படுத்த வேண்டும். ஒருவரின் கல்லை மற்றவர் பயன்படுத்துவதைத் தவிர்க்கவும்.

சமையல் சோடா எவ்வாறு செயல்படுகிறது?

சமையல் சோடா, அதாவது ஆப்பச் சோடா, காரத்தன்மை உடையது. நாற்றம் தரும் அமிலங்களை இது ஆவியாகாத உப்புகளாக மாற்றிவிடுகிறது. ஆகவே புளித்த வாடை விரைவில் அடங்கும். வெங்காய வாடையில் இதனால் அதிகப் பயன் இல்லை. “ஒருவருக்குப் பலன் தருகிறது, எனக்குத் தரவில்லையே” என்று சிலர் எண்ணுவதற்கு இது ஒரு காரணம்.

சலவைச் சோடா என்பது வேறு பொருள். அதன் காரத்தன்மை மிகக் கடுமையானது, தோலைப் புண்ணாக்கிவிடும். பொட்டலத்தின் மீதுள்ள பெயரைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எரிச்சல் ஏன் வருகிறது?

நலமான தோலின் மேற்பரப்பு சற்று அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 5. சமையல் சோடாக் கரைசலின் அளவு 8-ஐச் சற்றுத் தாண்டும். மூன்று எண்களே வேறுபாடு என்று தோன்றினாலும், இந்த அளவுகோலில் ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கைக் குறிப்பதால் இது ஆயிரம் மடங்கு மாற்றமாகும். தோலின் மேலடுக்கை ஒட்டவைத்திருக்கும் கொழுப்புப் படலம் அமிலச் சூழலில்தான் சரியாக உருவாகிறது. நாள்தோறும் காரம் பட்டால் அப்படலம் சிறிது சிறிதாகக் குலைகிறது. எனவே முதல் வாரத்தில் எந்தத் தொல்லையும் தராத சோடா, இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின் திடீரென எரியத் தொடங்கலாம்.

வீட்டில் செய்யும் ஒரு கலவையை எடுத்துக்கொள்வோம். ஒரு பெண் தேங்காய் எண்ணெயும் சமையல் சோடாவும் சம அளவு குழைத்து நாள்தோறும் பூசுகிறார். சோடா எண்ணெயில் கரையாது. நுண்ணிய துகள்களாகவே தங்கும். கை அசையும்போதெல்லாம் அத்துகள்கள் தோலை உராய்கின்றன. வியர்க்கும்போது அவை அடர்ந்த காரக் கரைசலாக மாறி அக்குள் மடிப்பில் தேங்குகின்றன. மூன்றாம் வாரத்தில் அவர் இரவு சவரம் செய்து காலையில் கலவையைப் பூசுகிறார். சவரத்தில் தோலின் மேலடுக்கு ஏற்கெனவே சீவப்பட்டிருப்பதால் சில நிமிடங்களில் எரிகிறது. மாலைக்குள் அக்குளின் குழிப்பகுதி சிவந்து, அடுத்த நாள் உரிகிறது. கார எரிச்சல்தானே என்று எண்ணி எலுமிச்சைச் சாறு தடவுகிறார்; புண் மேலும் ஆழமாகிறது.

அவர் செய்திருக்க வேண்டியது எளிது. பூசுவதை உடனே நிறுத்தி, குளிர்ந்த நீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, நறுமணம் சேர்க்காத வாசலினை மெல்லிதாகப் பூசி, தளர்வான பருத்தி ஆடை அணிந்திருந்தால் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் ஆறியிருக்கும். சிவப்பு மறைந்த பின் தோல் கருத்துப்போவது நம் தோல் நிறத்தினரிடம் மிகவும் இயல்பு. அது மங்கச் சில மாதங்கள் ஆகலாம். அந்தக் கருமையைத் தேய்த்து நீக்க முயன்றால் கூடுதலாகவே கருக்கும்.

படிகாரத்தில் எரிச்சல் குறைவு. சவரக் கீறல் மீது பட்டால் சுரீரென்று எரியும். அடிக்கடி தடவினால் தோல் வறண்டு அரிக்கலாம். சவரம் செய்த பின் 24 மணி நேரமாவது இரண்டையுமே தவிர்க்கவும்.

இரண்டையும் கலந்து பூசினால் இருமடங்கு பலன் கிடைக்கும் என்பதும் தவறு. அமிலமும் காரமும் சேர்ந்து நுரைத்து, ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிடும்.

இது எரிச்சலா, வேறு நோயா?

பொருளால் வரும் எரிச்சலில் அரிப்பை விட எரிவு மிகுதி. பூசிய இடத்தோடு நிற்கும். ஒவ்வாமையானால் அரிப்பு மிகுதி. ஓரிரு நாள் கழித்துத் தோன்றி, பூசாத இடத்திற்கும் பரவும். இதற்குக் காரணம் பெரும்பாலும் சோடா அல்ல, அதனுடன் சேர்த்த நறுமண எண்ணெய். குழிப்பகுதி நலமாக இருந்து, சுற்று விளிம்பு மட்டும் சிவந்தால் ஆடையின் சாயத்தை ஐயுறலாம். வட்ட விளிம்புடன் பரவும் படை பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம்.

மருந்துக் கடையில் நேரடியாகக் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைப் பூச வேண்டாம். அக்குள் தோல் மெல்லியது. விரைவில் சுருங்கி வரித்தழும்பு விழும். பூஞ்சைத் தொற்று இருந்தால் அது மறைந்தது போல் தோன்றிப் பின்னர் பரவும்.

பின்வரும் நிலைகளில் மருத்துவரை அணுகுங்கள்: நிறுத்தி இரண்டு வாரங்களாகியும் ஆறவில்லை, நீர் அல்லது சீழ் வடிகிறது, காய்ச்சல் உள்ளது, வலிமிகுந்த கட்டிகள் மீண்டும் மீண்டும் வருகின்றன, அக்குளில் வலியில்லாத கட்டி தட்டுப்படுகிறது. மார்பகத்திற்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுபவர்கள் அந்தப் பக்க அக்குளில் எதையும் பூசுமுன் சிகிச்சைக் குழுவினரைக் கேட்க வேண்டும். படுக்கையில் உள்ளவரைப் பராமரிப்பவர்கள், அவர் எரிவைச் சொல்ல இயலாமல் இருக்கலாம் என்பதால், ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் அக்குளை நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.