ஆயிரம் சொல், இரண்டு விலை

இரண்டு கட்டுரைகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் வலைப்பூவுக்கானவை, ஆயிரம் சொல் நீளமுள்ளவை. முதலாவது, வீட்டுக்கு மிக்ஸி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பது. இரண்டாவது, மருத்துவக் காப்பீடு எடுப்பதற்கு முன்பே இருந்த நோய்க்கு எவ்வளவு காலம் கழித்துப் பணம் கிடைக்கும் என்பது. சொல்லுக்கு இரண்டு ரூபாய் என்று பேசி முடித்த எழுத்தாளருக்கு இரண்டுக்கும் இரண்டாயிரம் ரூபாய்தான் வரும். இந்தக் கணக்கு எங்கே பிசகுகிறது என்று பார்க்க, முதலில் அவருடைய ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை என்று தெரிய வேண்டும்.

கோவையிலோ மதுரையிலோ வீட்டிலிருந்து எழுதும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் நாற்பதாயிரம் கைக்கு வர வேண்டும் என்று நினைக்கிறார். இணையம், மின்சாரம், மடிக்கணினியின் தேய்மானம், தானே கட்டவேண்டிய காப்பீடு எல்லாம் சேர்ந்து எட்டாயிரம். ஆக 48,000. நாளுக்கு எட்டு மணி நேரம், மாதம் 22 நாள் உழைத்தால் 176 மணி நேரம் ஆகிறது. பலர் 48,000-ஐ அந்த 176 ஆல் வகுத்துவிடுகிறார்கள், அதுதான் முதல் பிழை. வேலை தேடுவது, மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது, பில் போடுவது, வராத பணத்தைக் கேட்டு மறுபடி மறுபடி அழைப்பது என்று மூன்றில் ஒரு பங்கு நேரம் போய்விடும். அதற்கு யாரும் காசு தருவதில்லை. காசாகக்கூடியது ஏறத்தாழ 120 மணி நேரம். அப்படியானால் ஒரு மணி நேரத்தின் அடிவிலை 400 ரூபாய். அதற்குக் கீழே போனால் அந்த மாதம் கையைக் கடிக்கும்.

இப்போது மிக்ஸிக்கு வருவோம். மோட்டாரின் வாட் அளவு, ஜார்களின் எண்ணிக்கை, மாவு அரைத்தால் சூடாகுமா, உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று நாலைந்து தயாரிப்புகளின் விவரங்களைப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். எழுத இரண்டரை மணி, சரிபார்க்க அரை மணி. மொத்தம் நான்கு மணி நேரம், 1,600 ரூபாய். சொல் கணக்கில் இரண்டாயிரம் கிடைப்பதால் எழுத்தாளருக்கு மணிக்கு 500 விழுகிறது. மகிழ்ச்சிதான்.

காப்பீட்டுக் கட்டுரை வேறு மாதிரி. முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் நான்கு ஆண்டு வரை இருக்கலாம் என்பது பழைய விதி. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-இல் அதை மூன்று ஆண்டாகக் குறைத்தது. விவரம் சொல்லவில்லை என்று காரணம் காட்டி நிறுவனம் கோரிக்கையை மறுக்க முடியாத நிலை முன்பு எட்டு ஆண்டு தொடர்ந்து கட்டிய பிறகே வந்தது. அதுவும் ஐந்து ஆண்டாகியது. மோசடி மட்டும் விதிவிலக்கு. இணையத்தில் தேடினால் பழைய எண்ணைச் சொல்லும் பக்கங்கள் இன்னமும் கிடைக்கும். ஆகவே ஒழுங்குமுறை ஆவணத்தை எடுத்து வாசிக்க வேண்டும். மூன்று நிறுவனங்களின் பாலிசிப் பத்திரங்களை ஒப்பிட வேண்டும், ஏனென்றால் மூன்று ஆண்டு என்பது உச்சவரம்புதான், நிறுவனம் அதைக் குறைத்தும் வைக்கலாம். பிறகு அந்தச் சட்ட நடையைச் சாதாரணத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும். தேடலுக்கும் வாசிப்புக்கும் ஐந்து மணி, எழுத மூன்றரை, ஒவ்வோர் எண்ணையும் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த ஒன்றரை. பத்து மணி நேரம், 4,000 ரூபாய். சொல் கணக்கு தருவது அதில் பாதி.

அதாவது மணிக்கு 200 ரூபாய். இந்த இழப்பை எழுத்தாளர் அதிக நாள் தாங்கமாட்டார். ஆய்வு நேரத்தைச் சத்தமில்லாமல் வெட்டுவார். தேடலில் முதலில் வரும் இரண்டு பக்கங்களைப் படித்து, வரியை மாற்றி எழுதிக் கொடுப்பார். கட்டுரை சரளமாகவே இருக்கும், ஆனால் உள்ளே நான்கு ஆண்டு என்ற பழைய எண் இருக்கும். சர்க்கரை நோயுள்ள ஒருவர் அதை நம்பி, மூன்று ஆண்டு முடிந்தும் கோரிக்கை வைக்காமல் இருந்துவிடலாம். எழுத்தாளரைவிட வாசகருக்கே இந்தக் கூலி அதிகக் கேடு என்பதால்தான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

நீளத்தை அறவே ஒதுக்கிவிடவும் முடியாது. அது எழுதும் நேரத்தைத்தான் பாதிக்கிறது, ஆய்வை அல்ல. காப்பீட்டுக் கட்டுரையை ஐந்நூறு சொல்லில் கேட்டால் எழுதுவது இரண்டு மணியாகும், சரிபார்ப்பு ஒரு மணியாகும், ஆய்வின் ஐந்து மணி அப்படியே நிற்கும். எட்டு மணி, 3,200 ரூபாய். நீளம் பாதியானது, கூலி ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது. மிக்ஸிக் கட்டுரையை ஐந்நூறு சொல்லுக்குச் சுருக்கினால் எழுத்து ஒன்றரை மணியாகி, மொத்தம் மூன்று மணியில், 1,200 ரூபாயில் முடிந்துவிடும். சொல்லளவு விலை இங்கே ஓரளவு பொருந்துவதற்குக் காரணம் ஆய்வு சிறியது என்பதே.

மணிக்கணக்கே சரி என்று இத்துடன் நிறுத்தினால் இன்னொரு அநியாயம் நேரும். காப்பீட்டு நிறுவனத்தில் பல ஆண்டு கோரிக்கைப் பிரிவில் இருந்தவர் இதே கட்டுரையை எழுத வருகிறார். எந்த ஆவணத்தில் எது இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஒன்றரை மணி ஆய்வு, இரண்டரை மணி எழுத்து, ஒரு மணி சரிபார்ப்பு. ஐந்தே மணியில் முடிக்கிறார். 400 என்று பெருக்கினால் இரண்டாயிரம். தெரிந்தவருக்குத் தெரியாதவரில் பாதி!

துறையறிவை மணி எண்ணிக்கையில் தேடக்கூடாது, மணியின் விலையில் சேர்க்க வேண்டும். எவ்வளவு சேர்ப்பது? ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று வாய்க்கு வந்ததைச் சொல்வதைவிட, எழுதக் கேட்பவருக்கு இருக்கும் மாற்றுவழியைப் பார்ப்பது நல்லது. பொது எழுத்தாளரிடம் கொடுத்தால் நாலாயிரம். துறை தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்க்க இன்னும் ஆயிரம் என்று வைத்தால் ஐயாயிரம். அனுபவசாலியின் அடிவிலை இரண்டாயிரம், மேல்வரம்பு ஐயாயிரம். என் கணிப்பில் நாலாயிரம் நியாயம்: கேட்பவருக்கு ஆயிரம் மிச்சம், எழுதுபவருக்கு மணிக்கு 800. அதே மனிதர் மிக்ஸியைப் பற்றி எழுதினால் அந்த 800 செல்லாது, ஏனென்றால் அங்கே அவர் அனுபவம் எதையும் மிச்சப்படுத்தவில்லை.

பத்து மணி நேரக் காப்பீட்டுக் கட்டுரைக்கு விலை சொல்லும்போது மொத்தத் தொகையை மட்டும் சொல்லாமல் ஆய்வு 2,000, எழுத்து 1,400, சரிபார்ப்பு 600 என்று பிரித்துக் காட்டுவது உதவும். குறைக்கச் சொன்னால் எதைக் குறைப்பது என்று கேட்கலாம். மூன்று நிறுவனங்களுக்குப் பதில் ஒன்றை மட்டும் பார்ப்பதாகக் குறைக்கலாம். சரிபார்ப்பை விடச் சொன்னால் அந்த வேலையை ஏற்கக்கூடாது. ஒரு திருத்தச் சுற்று இதற்குள் அடங்கும், புதிய பகுதி கேட்டால் தனிக் கூலி என்பதையும் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும்.

இந்த மணி எண்ணிக்கைகள் மனத்தில் போட்ட கணக்காக இருந்தால் பயனில்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆய்வு, எழுத்து, சரிபார்ப்பு மூன்றையும் தனித்தனியாகக் குறித்து வைத்தால்தான், எந்தப் பகுதியில் மதிப்பீடு தவறுகிறது என்று தெரியும். பெரும்பாலும் தவறுவது ஆய்வுதான். அதே வாடிக்கையாளர் இரண்டாவது காப்பீட்டுக் கட்டுரை கேட்டால் படித்த ஆவணங்கள் கையில் இருக்கும். ஐந்து மணி ஆய்வு இரண்டாகச் சுருங்கி, மொத்தம் ஏழு மணிக்கு 2,800 வரும். அந்த 1,200 ரூபாய் மிச்சத்தில் பாதியை விட்டுக்கொடுத்து 3,400 கேட்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் ஆணையம் இடையில் விதியை மாற்றியிருந்தால் பழைய குறிப்பு செல்லாது, ஐந்து மணி ஆய்வை முதலிலிருந்து கணக்கில் சேர்க்க வேண்டியதுதான்.