பிராண்ட் பாதுகாப்பு (இணைய விளம்பரம்)

ஒரு நிறுவனத்தின் விளம்பரம் அதன் பெயருக்கு ஒவ்வாத காணொளி, செய்தி அல்லது இணையதளத்தின் அருகே தோன்றாமல் தடுக்கும் அமைப்புகளை விளம்பரத் துறையில் பிராண்ட் பாதுகாப்பு என்பர். பத்திரிகையில் விளம்பரதாரர் பக்கத்தை வாங்குகிறார். இணையத்திலோ பெரும்பாலும் பார்வையாளரையே வாங்குகிறார். அந்தப் பார்வையாளர் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ, அங்கே விளம்பரமும் போய் நிற்கும். சிக்கல் இங்கேதான் பிறக்கிறது.

லண்டனின் ‘தி டைம்ஸ்’ நாளிதழ் 2017 பிப்ரவரியில், பெரிய நிறுவனங்களின் விளம்பரங்கள் தீவிரவாதப் பிரசாரக் காணொளிகளில் ஓடுவதை அம்பலப்படுத்தியது. மார்ச்சில் பிரிட்டன் அரசும் ‘கார்டியன்’ நாளிதழும் யூடியூபில் விளம்பரத்தை நிறுத்தின. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி, ஜான்சன் அண்ட் ஜான்சன் போன்றவை பின்தொடர்ந்தன. கூகுள் மன்னிப்புக் கேட்டு, விளம்பரதாரருக்குக் கூடுதல் கட்டுப்பாடுகளைத் தருவதாக அறிவித்தது.

கூகுள் விளம்பரக் கணக்கில் இந்தக் கட்டுப்பாடுகள் Content suitability என்ற பக்கத்தில் உள்ளன. குழந்தை உணவு விற்கும் நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலில் அது தேர்வது காணொளிகளின் தரநிலை: Expanded, Standard, Limited என மூன்று. எதையும் தொடாவிட்டால் Standard. Limited-க்கு மாறினால் மிதமான வசைச்சொல் உள்ள காணொளிகளும் விலகும். விளம்பரம் சென்றுசேரும் இடங்களும் அதற்கேற்பக் குறையும். ஆனால் விபத்துச் செய்தியில் வசையே இருக்காது. ஆகவே Tragedy and conflict என்ற வகையைத் தனியே விலக்க வேண்டும். நேரலையில் அடுத்து என்ன வரும் என்பது யாருக்கும் தெரியாது என்பதால் அதையும் விலக்குவது நல்லது.

சில நாள் ஓடியபின் Where ads showed அறிக்கையைத் திறந்து பார்க்க வேண்டும். அதில் விபத்துக் காட்சிகளையே தொகுத்துப் போடும் சேனல் ஒன்று தென்பட்டால், விளம்பரம் ஓடிய ஒரு காணொளியை மட்டும் தடுத்துப் பயனில்லை. நாளை அதே சேனலில் இன்னொன்று வரும். சேனலையே தடுக்க வேண்டும். இணையதளமானால் முதன்மை முகவரியைத் தடுத்தால் துணைத்தளங்களும் சேர்ந்து அடங்கும்.

அதிகம் தவறிழைக்கும் கருவி சொல் விலக்கல்தான். வன்முறைக்கு அஞ்சி shooting என்ற ஆங்கிலச் சொல்லைத் தடுத்தவர், படப்பிடிப்புச் செய்திகளையும் இழப்பார். 2020-இல் பலர் ‘கொரோனா’ தொடர்பான சொற்களைத் தடுத்தபோது, ஊரெல்லாம் செய்தி படித்த நாட்களிலேயே செய்தித்தளங்களின் விளம்பர வருவாய் அடிபட்டது. சொல்லைத் தடுப்பதைவிடத் தலைப்பையோ தளத்தையோ தடுப்பதே மேல்.

இவை எதுவும் முழு உத்தரவாதமல்ல. காணொளிகளைப் பெரும்பாலும் இயந்திரமே வகைப்படுத்துகிறது. கூகுளும் எல்லாவற்றையும் தடுத்துவிடுவதாக உறுதி சொல்வதில்லை. கூகுளின் தேடல் பெட்டியைத் தங்கள் பக்கத்தில் வைத்திருக்கும் கூட்டாளித் தளங்கள் நெடுநாள் இந்தக் கட்டுப்பாடுகளுக்கு எட்டாமலே இருந்தன. அங்கே எல்லாத் தளங்களையும் ஏற்க வேண்டும், அல்லது முற்றிலும் விலக வேண்டும் என்ற நிலை இருந்தது. கணக்கின் தடைப்பட்டியல் அத்தளங்களுக்கும் செல்லுபடியானது 2024 மார்ச்சில்தான்.