வான் கதவுக்கும் வீதி மூழ்குவதற்கும் இடையில்: இரணைமடுவின் கீழ்ப்புலத்தில் ஓர் அயலுக்கான இடர்ப்படமும் வெளியேற்றத் திட்டமும்

வன்னியில் வெள்ளம் என்பது மழையின் அளவை மட்டும் பொறுத்ததன்று. குளங்களின் வான் எப்போது பாய்கிறது என்பதையும் பொறுத்தது. வான் என்பது குளம் நிறைந்தபின் மேலதிக நீர் கட்டை உடைக்காமல் வெளியேறுவதற்கென அமைக்கப்பட்ட வழியாகும். சிறு குளங்களில் அது தானாகவே வழிந்தோட, இரணைமடு போன்ற பெருங்குளத்தில் மனிதர் இயக்கும் கதவுகள் வழியே நீர் விடப்படுகிறது. ஆதலால் இரணைமடுவுக்குக் கீழே வாழும் ஓர் அயலுக்கு மாணவர் வரையும் இடர்ப்படம், எங்கே எவ்வளவு நீர் நிற்கும் என்பதைக் காட்டுவதோடு நின்றுவிட்டால், அதைக் கொண்டு எவரையும் வெளியேற்ற முடியாது. எந்த வீதி, கதவு திறந்து எத்தனை மணிநேரத்தில் மூழ்கும் என்பதே அப்படத்தின் முதற் செய்தியாக இருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், கனகராயன் ஆற்றுக்குக் கிழக்கே அமைந்த முரசுமோட்டைப் பகுதியின் ஓர் அயல் இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

வவுனியா மாவட்டத்தில் தோன்றி வடக்கு நோக்கி வரும் கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட இரணைமடுக்குளத்தின் ஏந்துபரப்பு, அதாவது அக்குளத்துக்கு மழைநீரை வடித்துத் தரும் நிலம், ஏறத்தாழ 588 சதுர கிலோமீற்றர் ஆகும். அண்மைய புனரமைப்பில் குளத்தின் நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்த்தப்பட்டு, கொள்ளளவு 148 மில்லியன் கன மீற்றராகியது. புனரமைக்கப்பட்ட குளம் 2018 டிசெம்பர் தொடக்கத்தில் மக்களிடம் கையளிக்கப்பட்டு இரு வாரங்கள் கழிந்த நிலையில், அம்மாதம் 21ஆம், 22ஆம் திகதிகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பெய்த பெருமழையால் அதன் வான் கதவுகள் யாவும் திறக்கப்பட, கீழ்ப்புலத்தில் கண்டாவளைப் பிரதேச செயலர் பிரிவின் ஊர்கள் பல வெள்ளத்துள் ஆழ்ந்தன. கதவுகள் திறக்கப்பட்ட நேரம் குறித்துப் பின்னர் பொதுவெளியில் நீண்ட விவாதம் நடந்தது. அவ்விவாதத்தின் தீர்ப்பு எதுவாயினும், கீழே வாழ்வோருக்கு எஞ்சும் கேள்வி ஒன்றே: செய்தி கிடைத்தபின் எவ்வளவு நேரம் கையில் இருக்கும்?

அக்கேள்வியை அணுகுமுன், குளம் எவ்வளவு விரைவில் நிறைகிறது என்பதை மாணவர் தம் கையால் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. ஏந்துபரப்பு முழுவதும் 200 மில்லிமீற்றர் மழை பெய்வதாகவும், அதில் பாதி மண்ணிலும் மேலேயுள்ள சிறு குளங்களிலும் தங்கி, மறுபாதி மட்டும் இரணைமடுவை அடைவதாகவும் கொண்டால், வந்து சேரும் நீர் ஏறத்தாழ 59 மில்லியன் கன மீற்றராகும். அது குளத்தின் மொத்தக் கொள்ளளவில் ஐந்தில் இரண்டு பங்கு. ஐப்பசியில் இவ்வளவு நீரையும் குளம் அமைதியாக உள்வாங்கிக்கொள்ளும். மார்கழியில், மண் ஊறி, மேலேயுள்ள குளங்கள் வான்பாய்ந்து, இரணைமடுவும் நிறையும் தறுவாயில் நிற்கும்போது, அதே மழையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு ஓடிவருவதோடு, வந்த நீர் முழுவதும் கதவுகள் வழியே கீழிறங்க வேண்டியதாகிறது. ஆகவே மழைமானியின் அளவை மட்டும் வைத்து எச்சரிக்கை நிலையை வகுக்கும் திட்டம் பருவத்தின் முற்பாதியில் வீண் பதற்றத்தையும் பிற்பாதியில் ஆபத்தான நம்பிக்கையையும் தரும். குளத்தின் நீர்மட்டத்தை அதனுடன் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இடர்ப்படம் வரையத் தொடங்கும் மாணவர் முதலில் கையிலெடுப்பது நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 இடவிளக்கப் படமாகும். அப்படத்தில் சமவுயரக் கோடுகள், அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள், 20 மீற்றர் இடைவெளியில் வரையப்படுகின்றன. ஆனால் முரசுமோட்டையிலிருந்து ஆனையிறவுக் கடனீரேரி வரையான நிலம் முழுவதும் 20 மீற்றருக்குக் கீழே கிடப்பதால், வெள்ளம் பாயும் அந்த வெளியைப் பிரித்துக் காட்டும் ஒரு கோடும் அங்கே இல்லை. அரை மீற்றர் உயரம் ஒரு வீட்டைக் காக்கும் நிலத்தில், படம் மௌனமாகி விடுகிறது. கைத்தொலைபேசி காட்டும் உயரமும் பல மீற்றர் பிழையுடையதாகையால் இதற்கு உதவாது.

இவ்விடத்தில் கைகொடுப்பது மேசன்மார் அத்திவாரம் போடும்போது பயன்படுத்தும் நீர்மட்டக் குழாயே. ஒளி ஊடுருவும் நீண்ட குழாயில் நீர் நிரப்பி இரு முனைகளையும் உயர்த்திப் பிடித்தால், இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அம்மட்டத்திலிருந்து நிலம் வரையான உயரத்தை இரு முனைகளிலும் அளவுநாடாவால் அளந்தால் ஓரிரு சென்ரிமீற்றர் நுட்பத்தில் உயரவேறுபாடு கிடைக்கும். பிரதான வீதியிலுள்ள மதகொன்றின் கைப்பிடிச் சுவரை நிலையான தொடக்கப் புள்ளியாக வைத்து, ஒழுங்கை ஒழுங்கையாக அளந்து சென்று, வேறொரு பாதையால் அதே மதகுக்குத் திரும்ப வேண்டும். திரும்பி வந்தபோது கணக்கு பூச்சியத்தில் முடியாமல் பத்துச் சென்ரிமீற்றருக்கு மேல் விலகினால், குழாயில் காற்றுக்குமிழி தங்கியிருந்ததென்றோ எங்கோ ஓரளவை தவறிற்றென்றோ கொண்டு மீண்டும் அளக்க வேண்டும்.

அடுத்து வெள்ள அடையாளங்கள் திரட்டப்படுகின்றன. சுவரில் படிந்த கறை பலரும் முதலில் காட்டும் சான்றாயினும், சீமெந்துக் கல்லும் சாந்தும் நீரை மேல்நோக்கி உறிஞ்சுவதால் ஈரக்கறை உண்மையான நீர்மட்டத்துக்கு மேலே ஏறி நிற்பதுண்டு. சேற்றின் மெல்லிய கோடும், வேலிக்கம்பியில் சிக்கிய வைக்கோலும் அதைவிட நம்பத்தக்கவை. ஒரே ஒழுங்கையில் அடுத்தடுத்த மூன்று வீடுகளின் அடையாளங்கள், நிலவுயரத்தைச் சேர்த்துக் கணித்தபின், ஒரே மட்டத்துக்கு அண்மையாக வருகின்றனவா என்று பார்ப்பதே சரியான சோதனை. ஒன்று மட்டும் தனித்து உயர்ந்தால் அது கறையின் பிழையாகவே பெரும்பாலும் இருக்கும்.

வன்னிக்கே உரிய ஓர் இடர்ப்பாடு இங்கே குறுக்கிடுகிறது. வெள்ளப் படங்கள் பொதுவாக முதியோரின் நினைவைச் சார்ந்து வரையப்படுகின்றன. இந்நிலத்திலோ அந்நினைவில் ஒரு பெரும் இடைவெளி உள்ளது. 2008 நவம்பரில் நிஷா சூறாவளி வடக்கில் பெருமழையைப் பொழிந்தபோது, போரினால் இடம்பெயர்ந்து தம் காணிகளை விட்டகன்றிருந்த குடும்பங்கள் பல. தம் வளவில் அன்று எவ்வளவு நீர் நின்றது என்று அவர்கள் எப்படிச் சொல்வார்கள்? மீள்குடியேற்றத்தின் பின் எழுந்த வீடுகளின் சுவர்களில் பழைய வெள்ளத்தின் தடமேயில்லை. அதற்குமேல், குளத்தின் நீர்மட்டம் உயர்த்தப்படுவதற்கு முந்திய வெள்ளங்களை இன்றைய குளத்தோடு நேரடியாக ஒப்பிடவும் இயலாது. எனவே ஒவ்வோர் அடையாளத்தின் அருகிலும் ஆண்டைக் குறித்து, 2018க்கு முந்தியவற்றை வேறு நிறத்தில் இடுவது நேர்மையான வழியாகும். அடையாளமே கிடைக்காத இடத்தைப் பாதுகாப்பான இடமென வெண்மையாக விடாமல், தரவு இல்லை என்று கோடிட்டுக் காட்ட வேண்டும். கண்ணிவெடி அபாயம் அகற்றப்பட்ட பாதைகளை விட்டு அளவைக்காகப் புதருக்குள் இறங்கக் கூடாது என்பதும் இந்நிலத்தில் சொல்லித்தான் ஆகவேண்டியது.

ஆழம் தெரிந்தபின் அதைக் கணுக்கால், முழங்கால், இடுப்பு என மூன்று வலயங்களாக்கினால் ஊரவர் எளிதில் வாசிப்பர். ஆனால் வீடுகளைவிட வீதிகளுக்கே முன்னுரிமை தரவேண்டும். ஓடும் நீர் முழங்காலை எட்டுமுன்பே நடப்பவரைச் சாய்த்துவிடக்கூடியதாகையால், வீடு முழுதும் உலர்ந்திருக்க, அதற்கான ஒரே ஒழுங்கை அறுபட்டுப்போவது இப்பகுதியில் நடக்கக்கூடியதே. மேலும், முரசுமோட்டையிலிருந்து மேற்கே பரந்தனுக்கோ கிளிநொச்சிக்கோ செல்பவர் கனகராயன் ஆற்றைக் கடக்க வேண்டும். பழக்கத்தால் மக்கள் நாடுவது நகரத்தையே; வெள்ளம் வருவதும் அந்தத் திசையிலிருந்துதான். ஆகவே ஆற்றைக் கடக்காமல் அடையக்கூடிய மேட்டிலுள்ள பாடசாலையோ பொதுநோக்கு மண்டபமோ, வசதி குறைந்ததாயினும், முதல் தங்குமிடமாகக் குறிக்கப்பட வேண்டும். அங்குள்ள கிணற்றின் கட்டும் மலசலகூடத்தின் தளமும் வெள்ள மட்டத்துக்கு மேலே உள்ளனவா என்பதை அதே நீர்மட்டக் குழாயால் அளந்தறியலாம்.

இனி நேரக்கணக்கு. படத்தில் ஆற்றின் வளைவுகள்மீது நூலை வைத்து அளந்து, குளத்திலிருந்து அயல் வரை 15 கிலோமீற்றர் என மாணவர் பெறுவதாகக் கொள்வோம். சமவெளியில் வெள்ளம் வினாடிக்கு அரை மீற்றர் முதல் ஒரு மீற்றர் வரை நகர்வதாக எடுத்தால், அது வந்துசேர நான்கு மணி பத்து நிமிடம் முதல் எட்டு மணி இருபது நிமிடம் வரை ஆகும். திட்டத்துக்குக் குறைந்த நேரமே, அதாவது ஏறத்தாழ 250 நிமிடங்களே, கணக்கில் கொள்ளப்பட வேண்டும். கிராம அலுவலருக்குக் கிடைத்த தகவல் கோயில் ஒலிபெருக்கி வழியாகவும் வீடுவீடாகவும் சென்றடைய 45 நிமிடம். ஆவணங்கள், மருந்து, உடைகளை எடுத்துப் புறப்பட 60 நிமிடம். அயலில் நடக்க இயலாதோர் 40 பேர் எனவும், உழவு இயந்திரப் பெட்டியொன்று ஒருமுறை பத்துப் பேரை ஏற்றிப் போய்த் திரும்ப 40 நிமிடம் எடுக்கும் எனவும் கொண்டால், நான்கு நடைகளுக்கு 160 நிமிடம் தேவை. கூட்டினால் 265 நிமிடம்; கைவசமுள்ள நேரத்தைவிடப் பதினைந்து நிமிடம் அதிகம். இரண்டாவது உழவு இயந்திரம் சேர்ந்தால் ஏற்றும் வேலை 80 நிமிடமாகக் குறைந்து, மொத்தம் 185 நிமிடத்தில் முடிந்துவிடும். இவ்வெண்கள் எடுத்துக்காட்டே, ஒவ்வொரு அயலும் தன் எண்களை இட்டுப் பார்க்க வேண்டும். ஆயினும் எந்த எண்களை இட்டாலும் இருட்டில், மின்சாரம் துண்டிக்கப்பட்ட மழையிரவில், இக்கணக்கு அப்படியே நிற்காது என்பது உறுதி.

இதிலிருந்து, கதவு திறக்கப்பட்ட செய்தியையே புறப்படும் குறியாக வைத்தல் பிந்திய ஏற்பாடு என்பது தெளிவாகிறது. குளம் நிறைமட்டத்துக்கு ஓர் அடி குறைவாக நிற்கையில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கனமழை எச்சரிக்கையும் வந்துவிட்டால், முதியோர், நிறைமாதக் கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் பகல் வெளிச்சத்திலேயே இடம்மாற்றப்பட வேண்டும். கதவு திறக்கும் செய்தி ஏனையோருக்கான குறி. மழை வராது போய், வீணாக அலைந்தோம் என்ற குறை எழலாம். அக்குறையைத் தாங்கிக்கொள்ள ஊர் முன்கூட்டியே உடன்பட்டிருக்க வேண்டுமாகையால், பருவம் தொடங்குமுன் கமக்காரர் அமைப்பு, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஆகியவற்றின் கூட்டத்திலேயே இந்த அடிக்கணக்கு பேசி முடிவு செய்யப்படுவது அவசியம்.

திட்டங்கள் பெரும்பாலும் மறப்பது மாடுகளை. மாட்டைக் கட்டிவிட்டு வரமாட்டேன் என்று ஒருவர் வீட்டில் தங்கினால், அவரைத் தேடி இன்னும் இருவர் நீருக்குள் இறங்குவர். 2022 டிசெம்பரில் மாண்டஸ் சூறாவளிக் காலத்துக் கடுங்குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் மடிந்தன என்பதால், மேட்டு நிலம் மட்டும் போதாது. காற்றுக்கு மறைப்பும் வேண்டும். ஆகவே வீதியோர மேட்டில், வடகீழ்க் காற்றை மறிக்கும் மரவரிசையோடு கூடிய ஓரிடம் கால்நடைக்கென்று படத்தில் குறிக்கப்பட்டு, முதல் எச்சரிக்கையிலேயே மாடுகள் அவிழ்த்து அங்கே கொண்டுசெல்லப்பட வேண்டும். எத்தனை நாளுக்கு வைக்கோல் தேவை என்பது கடனீரேரியைப் பொறுத்தது: ஆனையிறவுக் கடனீரேரியின் நீர் சுண்டிக்குளத்துப் பக்கமாகக் கடலுக்கு வடியாத வரையில் வயல்வெளியின் நீரும் வடியாது. வெள்ளம் ஏறிய நேரத்தைக் குறிக்கும் மாணவர், அது இறங்கிய நாளையும் மதகுச் சுவரில் அடிக்கோல்போல் வரையப்பட்ட அளவுக்கோட்டின் அருகே எழுதி வைத்தால், அடுத்த மார்கழிக்கு வைக்கோல் எத்தனை கட்டு என்பதற்கும் கணக்கு இருக்கும்.