எழுத்தில் குனிந்த தலை

பரமத்தி வேலூரில் காவிரிப் பாலத்தைக் கடந்து தென்கரை சேர்ந்தால் வேலாயுதம்பாளையம். அவ்வூரின் ஆறுநாட்டார் மலையில், சமண முனிவர்க்கெனச் செதுக்கப்பட்ட கற்படுக்கைகளும் தமிழி எழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. நாமக்கல் சமவெளியிலிருந்து ஓர் ஆற்றின் அகலமே தொலைவு. புகழூர்க் கல்வெட்டுகள் என ஆய்வாளர் குறிக்கும் இவை கி.பி. 2ஆம் நூற்றாண்டளவின.

அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று, யாற்றூர்ச் செங்காயபன் என்னும் முனிவர் உறைவதற்காகக் கல் அறுத்துக் கொடுக்கப்பட்டதைக் கூறுகிறது. கொடுத்தது சேரர் குடி. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறை அரசர் அதில் பெயர் பெறுகின்றனர். சேரர் வரலாற்றுக்கு அது தரும் ஒளியைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. வணக்கத்தின் வரலாற்றுக்கும் அது ஒரு சான்று என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

அக்கல்வெட்டில் தொழுதல், வணங்கல் என்னும் சொற்களே இல்லை. ஆயினும் அதன் முதற்சொல் ‘மூதா’ என்பது. மூத்தவர் என்று பொருள். அடுத்து ‘அமணன்’, பிறகு முனிவரின் ஊர், பிறகு அவர் பெயர். அவர் உறைவதற்கென்று சொல்லி முடித்த பின்னரே அரசர் பெயர்கள் தொடங்குகின்றன. ஈந்தவன் பின்னே நிற்க, ஏற்றவர் முன்னே நிற்கிறார். நேரில் கண்டால் அரசன் தலை தாழ்த்தியிருப்பான். கல்லில் தாழ்த்தத் தலை இல்லை. ஆதலின் சொற்களின் வரிசை தாழ்ந்தது.

எழுதுவோர் எக்காலத்தும் எதிர்கொண்ட இடர்ப்பாடு இதுவே. கூப்பிய கையையும் குனிந்த முதுகையும் நேரில் ஒருவர் கண்ணால் காண்பார். எழுத்தில் உடல் வாராது. ஒன்று, அச்செயலைப் பெயர் சொல்லி எழுத வேண்டும்; அன்றேல், புகழூரில் செய்ததுபோல் வரிசையால் உணர்த்த வேண்டும். பெயர் சொல்லும் முறைக்குப் பழஞ்சான்று ஒடிசாவின் உதயகிரியில் காரவேலன் பொறித்த அத்திகும்பாக் கல்வெட்டு. அருகர்க்கும் சித்தர்க்கும் ‘நமோ’ என்று கூறியே அது தொடங்குகிறது. ‘நம்’ என்னும் வேர்ச்சொல்லுக்கு வளைதல் என்பது பொருள். நாம் நாள்தோறும் ஓதும் பஞ்ச நமஸ்கார மந்திரமும் அச்சொல்லாலேயே தொடங்குவது.

தமிழ்க் கல்வெட்டுகளில் இம்முறை எவ்வளவு வளர்ந்தது என்பதற்கு ஆற்காட்டுக்கு அருகிலுள்ள பஞ்சபாண்டவ மலைச் சாசனம் ஒன்றே போதும். திருப்பான்மலை என்பது அதன் பழம்பெயர். முதலாம் இராசராசனின் 8ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 992-93 அளவில், இலாடராசர் வீரசோழர் தம் தேவியாருடன் அம்மலையின் தேவரைத் தொழ வருகிறார். அங்கே தேவியார் இலாட மகாதேவியார் கணவரிடம், கற்பூர விலை முதலிய வரிகளை நீக்கி அவ்வருவாயைப் பள்ளிக்கே விட்டருள வேண்டுமென்று விண்ணப்பம் செய்கிறார். அரசர் இசைகிறார். கூரகன்பாடி என்னும் ஊரின் அவ்வருவாய் பள்ளிச்சந்தமாகிறது.

இச்சிறு நிகழ்ச்சியில் மூன்று வணக்கங்கள் எழுத்தில் ஏறியுள்ளன. தேவர்முன் அரசர் திருவடி தொழுகிறார். அரசர்முன் தேவியார் விண்ணப்பம் செய்கிறார். மூன்றாவதுதான் வியப்புக்குரியது. இவ்வறத்தைக் காப்பவனின் பாததூளி என் தலைமேலது என்று சாசனம் முடிவை நெருங்குகையில் கூறுகிறது. சமணப் பள்ளிகளுக்கு மட்டுமன்றிப் பிற கோயில்களுக்கு விட்ட அறங்களிலும் தமிழ்நாடெங்கும் காணப்படும் வாய்பாடு இது.

யார் யாரை வணங்குகிறார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வணங்குபவர் நாடாளும் தலைவர். வணங்கப்படுபவர் இன்னும் பிறவாதவர்; எக்குடியினர், எவ்வூரினர் என்று தெரியாதவர். நேரில் நிகழவே முடியாத வணக்கம் இது. எழுத்தால் மட்டுமே இயல்வது. வாளால் காக்க முடியாத காலத்தை நோக்கி அரசர் தலையை நீட்டுகிறார். அறம் அழியாதிருக்க அவரிடம் எஞ்சியிருந்த வழி அதுவே.

கல்வெட்டின் இச்சொற்கள் பின்னர் ஓலைக்கும் தாளுக்கும் இறங்கின. சென்ற நூற்றாண்டின் முற்பகுதிவரை தமிழ்க் குடும்பங்களில் இளையவர் பெரியவர்க்கு எழுதும் மடல் ‘தெண்டன் சமர்ப்பித்து எழுதிக்கொண்ட விண்ணப்பம்’ என்றோ, ‘அநேக நமஸ்காரம்’ என்றோ தொடங்கும். தெண்டன் என்பது தண்டம், அதாவது கோல். வெட்டிய கோல்போல் உடல் முழுதும் நிலத்தில் கிடப்பதை அச்சொல் காட்டுகிறது. பெரியவர் எழுதினால் ‘சிரஞ்சீவி’ என விளித்து ‘ஆசீர்வாதம்’ கூறுவார். இளையவன் தலைமேல் வைத்த கை அது.

மடலின் கடைசிப் பகுதி இன்னும் சுவையானது. அங்கே எழுதியவர் வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியே காண்பார். பெரியப்பாவுக்கு நமஸ்காரம், அத்தைக்கு நமஸ்காரம், தம்பிக்கு ஆசீர்வாதம், குழந்தைக்கு முத்தம் என்று வரிசையாக வரும். சேலத்தில் வேலை பார்க்கும் மகன் வந்தவாசிப் பக்கத்துத் தன் ஊருக்கு எழுதினால், அவ்வரிகளில் அவன் வீட்டுத் திண்ணையில் தொடங்கி அடுக்களைவரை நடந்துவிடுவான். ஒரு பெயர் விடுபட்டால் அது பிழையன்று, மனத்தாங்கல். மடலை உரக்கப் படிக்கும்போது தம் பெயர் வருமென்று காத்திருந்தவர்க்கு அது தெரியும்.

1879ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று இந்தியாவில் அஞ்சலட்டை கால் அணா விலையில் வந்தது. ஏழைக்கும் மடல் எழுத வழி பிறந்தது. ஆனால் இடம் சுருங்கியது. ‘மகாராஜராஜஸ்ரீ’ சில எழுத்துக் குறியாகக் குறுகியது. இருவர் நலமும் ‘உபயகுசலோபரி’ என்னும் ஒரே சொல்லில் அடங்கியது. ஆங்கில ஆட்சியினர் நேரில் கை குலுக்கினர். ஆனால் அவர்தம் அலுவலக மடல்களில் கைகுலுக்கலுக்கு இடமில்லை. ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்’ என்பதே அவர்களும் எழுதிய முடிவு. நம் மனுக்களும் அதைப் பின்பற்றின. ஒப்பானவர் காட்டும் தலையசைப்புக்கும் கைகுலுக்கலுக்கும் எழுத்தில் தனிச்சொல் பிறக்கவில்லை. தாழ்தலுக்கே சொற்கள் மிகுதி. 20ஆம் நூற்றாண்டில் ‘வணக்கம்’ பொதுச்சொல்லாகப் பரவியபோதுதான் மூத்தவரும் இளையவரும் ஒரே சொல்லை மாற்றிக்கொள்ளலாயினர்.

இன்று கைப்பேசியில் கூப்பிய கைகளின் சிறு படமே வந்துவிட்டது. 2010இல் யூனிகோடு குறிகளுள் அது சேர்ந்தது. இழந்த உடல் எழுத்துக்குத் திரும்பியது போலத் தோன்றும். ஆயினும் அக்கைகள் யாருடையவை, யாரை நோக்கியவை என்பது படத்தில் இல்லை.

தசலட்சணப் பருவம் முடிந்து மன்னிப்பு வேண்டும் நாளில் இக்குறை நன்கு விளங்கும். ‘மிச்சா மி துக்கடம்’ என்னும் பிராகிருதத் தொடருக்கு ‘என் தீச்செயல் பயனற்றுப் போகுக’ என்பது பொருள். அதிலும் வணங்கல் என்னும் சொல் இல்லை. உள்ளது செயல் ஒன்றே. ஒரே தொடுதலில் இருநூறு பேர்க்கு அது செல்கிறது. நாம் ஒரு தீங்கும் செய்யாதவர்க்கு எளிதில் போய்ச் சேர்கிறது. உண்மையில் நம்மால் புண்பட்டவர், பேச்சுவார்த்தை நின்று போனமையால், பெரும்பாலும் அப்பட்டியலிலேயே இருப்பதில்லை.

ஆறுநாட்டார் மலையில் கல் அறுத்தவர்கள் கைகூப்பும் படம் எதுவும் வரையவில்லை. யாற்றூர்ச் செங்காயபன் என்று ஊரும் பேரும் சொல்லி, அதை முதலில் எழுதினார்கள். அவ்வணக்கம் யாருக்கு என்பது ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்குப் பின்னும் ஐயமின்றித் தெரிகிறது.