அதிகாரக் கடிதம்

ஒருவர் தமக்குரிய ஆவணங்களைத் தாமே நேரில் சென்று பெற இயலாதபோது, அவற்றைக் கைவசம் வைத்திருக்கும் ஸ்தாபனத்துக்குத் தம் உறவினர் ஒருவரைப் பெயர் சுட்டி, அவரிடம் ஒப்படைக்குமாறு எழுதித் தரும் பத்திரம் அதிகாரக் கடிதம் எனப்படும். வங்கிகளில் ‘ஆதரைசேஷன் லெட்டர்’ என்றே சொல்வார்கள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் முகவரைப் பற்றிக் கூறும் விதிகளே இதற்கும் ஆதாரம். சொத்தை விற்கவும் அடமானம் வைக்கவும் உரிமை தரும் பொது அதிகாரப் பத்திரத்தினின்று இது முற்றிலும் வேறானது. இதைக் கொண்டு உறவினர் ஆவணங்களை வாங்கி வரலாமேயன்றி, அவற்றில் அடங்கிய சொத்தின்மீது யாதொரு காரியமும் செய்ய முடியாது.

வீட்டுக்கடன் தீர்ந்தபின் மூலப்பத்திரங்களைத் திரும்பப் பெறும் சந்தர்ப்பத்தில்தான் இக்கடிதத்தின் ஒவ்வொரு சொல்லும் சோதனைக்குள்ளாகிறது. கடன் முழுதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தரவேண்டும் என்றும், வங்கியின் தவறால் தாமதம் நேர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தரவேண்டும் என்றும், 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் விடுவிக்கப்படும் பத்திரங்களுக்கு இது பொருந்தும். பத்திரம் தொலைந்தோ சேதமுற்றோ போனால், நகல் பெறும் ஏற்பாடுகளை முடிக்க வங்கிக்கு மேலும் 30 நாள் அவகாசம் உண்டு.

மஸ்கட்டில் வேலை பார்க்கும் ஒருவர், திண்டுக்கல்லிலுள்ள தம் வீட்டின்மேல் வாங்கிய கடனைப் பிப்ரவரி 20ஆம் தேதி அடைத்து முடித்து, ஊரிலிருக்கும் தம் தமக்கையைப் பத்திரங்கள் வாங்கிவர அனுப்புவதாகக் கொள்வோம். ‘என் கடன் சம்பந்தமான சகல காரியங்களையும் என் தமக்கை பார்த்துக்கொள்வார்’ என்று அவர் எழுதினால், அன்பின் மிகுதியால் எழுதியதாயினும், வங்கி மேலாளர் அதை ஏற்கத் தயங்குவார். ஏற்றாலும் அதுவே ஆபத்து. கடன் கணக்கு எண்ணைக் குறித்தபின், கடன் தந்தபோது வங்கி கொடுத்த ஆவணப் பட்டியலைப் பார்த்து, கிரயப்பத்திரம், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் என நான்கையும், பத்திரங்களுக்குப் பதிவு எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம், தாள்களின் எண்ணிக்கை ஆகியவற்றோடும் அவர் எழுதவேண்டும். ‘இவற்றைச் சரிபார்த்துப் பெறவும், பெற்றதற்கு ஒப்புகை எழுதித் தரவும் மட்டுமே இவருக்கு அதிகாரம், வேறெவரையும் தமக்குப் பதிலாக அனுப்ப அதிகாரமில்லை’ என்ற வாக்கியமே கடிதத்தின் உயிர்நாடி. தமக்கையின் பெயர் அவருடைய அடையாள அட்டையில் உள்ளபடியே, தலைப்பெழுத்தும் பிறழாமல் இருக்கவேண்டும். எழுதுபவரின் கையொப்பம் வங்கியிலுள்ள மாதிரியோடு ஒத்திருக்கவேண்டும். கடனில் மனைவியும் கூட்டுக் கடனாளியாக இருந்தால் அவரும் கையெழுத்திட்டாலன்றிக் கடிதம் முழுமையாகாது.

காலவரம்பில்தான் பலரும் இடறுகிறார்கள். பத்திரங்கள் அநேகமாகக் கிளையில் இராமல் வேறோர் ஊரின் காப்பகத்தில் இருப்பதால், அவை வந்து சேர நாட்களாகும்; கடிதத்துக்கு ஒரு மாதமே ஆயுள் என்று எழுதிவிட்டால், வங்கி தன் முழு அவகாசத்தையும் எடுத்துக்கொண்டு அழைக்கும் நாளில் கடிதம் காலாவதியாகியிருக்கும். ஆகவே ஏப்ரல் 20 வரை என இரண்டு மாதம் விடுவது உத்தமம். இடையில் மனம் மாறினால், தமக்கையிடம் சொன்னது மட்டும் போதாது. ரத்து செய்தது வங்கிக்குத் தெரியும்வரை, வங்கியைப் பொறுத்தவரை அந்த அதிகாரம் நீங்குவதில்லை. ஆதலால் கிளைக்கு எழுத்துமூலம் அறிவித்து ஒப்புகை பெறவேண்டும்.

ஒப்படைக்கும் நாளில் ஒட்டிய உறையை அப்படியே வாங்கிக் கையெழுத்திடுவது பெரும் பிழை. பதிவான பத்திரத்தின் தாள்களில், அந்த ஆவணம் மொத்தம் எத்தனை தாள்கள் கொண்டது, இது எத்தனையாவது தாள் என்ற பதிவு அலுவலகக் குறிப்பு இருக்கும். தமக்கை அங்கேயே உறையைப் பிரித்து, 14 தாள்கள் என்று குறிப்பிருந்தால் 14ஐயும் எண்ணிப் பார்க்கவேண்டும். தாய்ப்பத்திரம் வரவில்லையென்றால், ‘மூன்று ஆவணங்கள் பெற்றேன், தாய்ப்பத்திரம் பெறவில்லை’ என்று ஒப்புகையில் தம் கைப்படவே எழுதவேண்டும். இதனால்தான் ‘ஒருமுறை மட்டும் செல்லும்’ என்ற வாசகத்தை நான் பரிந்துரைப்பதில்லை. அப்படி எழுதினால் விடுபட்ட ஒரு பத்திரத்துக்காக மஸ்கட்டிலிருந்து மறுபடியும் கடிதம் வரவேண்டும். ‘நான்கு ஆவணங்களும் ஒப்படைக்கப்படும் வரை, அல்லது ஏப்ரல் 20 வரை, இவற்றுள் எது முந்தியதோ அதுவரை செல்லும்’ என்று எழுதியிருந்தால், அதே கடிதத்தின் பேரில் அவர் அடுத்த வாரம் மீண்டும் போய்க் கேட்கலாம்.